ஒயர் இல்லாத காலிங் பெல்: சத்தம் குறைந்தால் எங்கே பார்ப்பது, அடிக்கவே இல்லையென்றால் எங்கே பார்ப்பது?

காலிங் பெல் மெதுவாக ஒலிக்கிறது என்றதும் பலர் வாசல் பட்டனைக் கழற்றி பேட்டரியை மாற்றுகிறார்கள். சத்தம் அப்படியேதான் இருக்கும். ஏனென்றால் பட்டனுக்கும் சத்தத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. பட்டனை அழுத்தினால் அது ஒரு குறியீட்டு எண்ணை ரேடியோ அலையாக அனுப்புகிறது. பெரும்பாலான பெல்களில் இது 433 மெகாஹெர்ட்ஸ் அலை. வீட்டுக்குள் இருக்கும் ஒலிப்பெட்டி அந்த எண் தன்னிடம் பதிந்த எண்தானா என்று பார்க்கும். ஆமென்றால் பாட்டு முழுதாக ஒலிக்கும், இல்லையென்றால் ஒலிக்காது. சிக்னல் பலவீனமானால் பெல் அடிக்காமல் போகுமே தவிர, மெதுவாக அடிக்காது.

ஆகவே சத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் பெட்டியைப் பாருங்கள். சுவர் பிளக்கில் செருகும் வகை என்றால் பக்கவாட்டில் உள்ள வால்யூம் பட்டனை யாராவது குறைத்திருக்கலாம். பேட்டரியில் ஓடும் வகை என்றால் செல்கள் தீர்ந்து வருகின்றன. ரீசார்ஜ் செல் போட்டிருந்தாலும் சத்தம் குறையலாம். சாதாரண செல் மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட், ரீசார்ஜ் செல் மூன்று சேர்ந்தால் 3.6 வோல்ட்தான்.

பெல் அடிக்கவே இல்லையென்றால் ஒரு சோதனை போதும். பட்டனைக் கழற்றி எடுத்துவந்து, ஒலிப்பெட்டிக்கு ஓரடி தூரத்தில் வைத்து அழுத்துங்கள். அங்கே அடித்தால் குறியீடு சரியாக இருக்கிறது. கோளாறு பட்டனின் பேட்டரியிலோ தூரத்திலோதான். அங்கேயும் அடிக்காவிட்டால் பேட்டரி அடியோடு தீர்ந்திருக்கலாம், அல்லது குறியீடு பொருந்தாமல் போயிருக்கலாம்.

ஓர் உதாரணம். கேட்டில் பட்டன், பதினைந்து மீட்டர் தள்ளி ஹாலில் ஒலிப்பெட்டி. ஆறு மாதம் நன்றாக அடித்த பெல், இப்போது நான்கு முறை அழுத்தினால் ஒரு முறைதான் அடிக்கிறது. பட்டனின் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் கொண்டுவந்தால் ஒவ்வொரு முறையும் அடிக்கிறது. முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். அதற்குச் சிறிதளவு மின்சாரமே போதும். மல்டிமீட்டர் இருந்தால் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டும் பழைய பேட்டரி, அழுத்தியதும் சடாரென்று இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. வாங்கும்போது பழைய பேட்டரியைக் கையில் கொண்டுபோங்கள். 23ஏ, 27ஏ இரண்டுமே 12 வோல்ட்தான். ஆனால் 27ஏ சற்று ஒல்லி, 23ஏ இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். சில பட்டன்களில் வட்ட வடிவ சிஆர் 2032 இருக்கும். அது 3 வோல்ட். குழந்தைகள் விழுங்கினால் பேராபத்து, பழையதையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

புது பேட்டரி போட்டும் கேட்டிலிருந்து அடிக்கவில்லை என்றால் இடம்தான் காரணம். அட்டையில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒவ்வொன்றும் அலையைக் குறைக்கும். இரும்பு கேட்டில் நேராக ஒட்டிய பட்டனின் ஏரியல் சரியாக வேலை செய்யாது. பட்டனை கேட்டிலிருந்து பக்கத்துச் செங்கல் தூணுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் மரத்துண்டு வைத்து அதன்மேல் பொருத்துங்கள். உள்ளே ஒலிப்பெட்டி ஃபிரிட்ஜுக்கோ இரும்பு பீரோவுக்கோ பின்னால் இருந்தால், வாசலைப் பார்த்த வேறு பிளக்குக்கு மாற்றுங்கள்.

பேட்டரி புதிது, பக்கத்தில் வைத்தும் அடிக்கவில்லை என்றால் குறியீட்டை மறுபடி இணைக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் ஒலிப்பெட்டியின் பட்டனை சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னும், அல்லது ஒரு ஒலி வரும். உடனே வாசல் பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். பெட்டி பாட்டொன்றை ஒலித்தால் எண் பதிந்துவிட்டது. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களில் இந்தப் பதிவு கிடையாது. பட்டனிலும் பெட்டியிலும் சின்னச் சின்ன ஜம்பர்கள் இருக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி அமைந்தால்தான் பெல் அடிக்கும். யாரும் அழுத்தாமலே பெல் அடித்தால் பக்கத்து வீட்டு பட்டனுக்கும் அதே குறியீடு இருக்கக்கூடும்; இரு பக்கமும் ஒரே ஜம்பரை மாற்றிவிடுங்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, பேட்டரி, இடம், கடைசியாகக் குறியீடு. இந்த நான்கையும் முடித்த பிறகும் அடிக்காவிட்டால் மட்டும் புது பெல் வாங்குங்கள்.