பயிற்சி மாணவியும் புரிந்துணர்வு ஒப்பந்தமும்

வார்டில் தங்கள் படுக்கையருகே வரும் செவிலியர் பயிற்சி மாணவி பல நேரங்களில் மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருப்பதில்லை. தனக்கென மருத்துவமனை இல்லாத கல்லூரியும், இருந்தும் சில சிறப்புப் பிரிவுகள் இல்லாத கல்லூரியும், வேறொரு மருத்துவமனையுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு மாணவர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்புகின்றன.

எத்தனை மாணவர், எந்தெந்தப் பிரிவு, எவ்வளவு காலம் என்பன அதில் எழுதப்படும். ஆயினும் நோயாளரை நேரடியாகத் தொடும் வினா ஒன்றே: மாணவியின் செயலை யார் சரிபார்ப்பது?

ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து பார்ப்போம். நோயாளர் ஒருவருக்கு 10 யூனிட் இன்சுலின் போட வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்தும், 100 யூனிட் உள்ள மருந்தும் கிடைக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாணவி 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்துவிட்டால், உள்ளே வருவது கால் மில்லிலிட்டர். அதாவது 25 யூனிட். நோயாளரின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

ஊசி போடுமுன் இன்னொருவர் குப்பியையும் சிரிஞ்சையும் பார்த்திருந்தால் பிழை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் கல்லூரி ஆசிரியை மற்றொரு வார்டில் இருக்கிறார். வார்டுச் செவிலியரோ, ஆசிரியை பார்த்திருப்பார் என்று எண்ணுகிறார். இருவரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். பொறுப்பு எவருடையது என்று ஒப்பந்தம் சொல்லாததால் ஏற்பட்ட இடைவெளி இது.

ஆகவே நல்ல ஒப்பந்தம், "இரு நிறுவனங்களும் இணைந்து மேற்பார்வை செய்யும்" என்று எழுதி நின்றுவிடாது. ஆசிரியை இல்லாத வேளையில் மாணவி எச்செயல்களைச் செய்யலாகாது, மருந்துப் பதிவேட்டில் உடன் கையொப்பமிடுபவர் யார், தவறு நேர்ந்தால் எவரிடம் உடனே தெரிவிப்பது என்பவற்றைத் தனித்தனியே குறிப்பிடும். நோயாளரின் விவரங்களை வெளியே பகிரலாகாது என்ற விதியும் அதில் இருக்கும்.

"புரிந்துணர்வு" என்ற தலைப்பு இருப்பதால் மட்டும் அத்தாள் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்றோ, கட்டுப்படுத்தாது என்றோ கூற இயலாது. அதன் வாசகங்களே அதைத் தீர்மானிக்கும். எவ்வாறாயினும், அது இரு நிறுவனங்களுக்கிடையே ஆனது. நோயாளரின் சம்மதத்துக்கு அது ஈடாகாது.

எனவே மாணவி ஊசியுடன் வரும்போது, "தங்களுடன் இருக்கும் பொறுப்புச் செவிலியர் யார்? மருந்தை அவர் பார்த்தாரா?" என்று தாங்கள் தயங்காமல் கேட்கலாம். மாணவி செய்ய வேண்டாம் என்று விரும்பினால் அதனையும் சொல்லலாம். அதனால் தங்கள் சிகிச்சை குறைவுபடலாகாது.

பொறுப்புச் செவிலியரின் பெயரை மாணவியால் உடனே சொல்ல முடியவில்லையெனில், ஊசியைச் சற்று நிறுத்தச் சொல்லி வார்டுச் செவிலியரை அழையுங்கள்.