வினைமுற்று வரும்வரை

தமிழ்த் தொடரில் எழுவாய் முதலிலும் செயப்படுபொருள் இடையிலும் பயனிலை இறுதியிலும் வருவது பொதுவான முறை என்பதை இலக்கணப் பாடத்தில் கற்றிருக்கிறீர்கள். இந்த எளிய இலக்கணச் செய்திக்கும், பிறர் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டுப் பேசும் பழக்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 'நான்தான் எப்போதும் அதிகமாகப் பேசுகிறேன். பிறரைப் பேச விடுவதில்லை' என்று தம்மைப் பற்றித் தாமே அறிந்தவர்கள் அத்தொடர்பைப் புரிந்துகொண்டால், எந்த நொடியில் தம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தெளிவாகும்.

ஓர் உரையாடலைக் கற்பனை செய்துகொள்வோம். கயலும் நிலாவும் ஒரே வகுப்பில் படிக்கும் தோழியர். உணவு இடைவேளையில் நிலா பேசத் தொடங்குகிறாள்.

"ஆண்டு விழாவில் இந்த முறை நான் ஆட…"

"ஆடப் போகிறாயா? நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு எங்கள் குழுவுக்கு முதற்பரிசு கிடைத்ததே, நினைவிருக்கிறதா? அதற்காக நாங்கள் ஒரு மாதம் பயிற்சி செய்தோம்…"

"ம்… நினைவிருக்கிறது."

நிலா சொல்ல வந்த தொடர் இதுதான்: "ஆண்டு விழாவில் இந்த முறை நான் ஆட முடியாது. அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதம் நாங்கள் ஜபல்பூருக்குப் போகிறோம்." பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் சென்று படிக்கும் உங்களில் பலருக்கு இத்தொடரை முதன்முறை ஒரு தோழியிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பது தெரியும். துணிவைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய நிலா, அன்று அதை மீண்டும் சொல்லவில்லை.

'ஆட' என்பது வினையெச்சம். அதன்பின் 'வேண்டும்', 'விரும்புகிறேன்', 'மாட்டேன்', 'முடியாது' ஆகியவற்றுள் எதுவும் வரலாம். உடன்பாடா எதிர்மறையா என்பதை இறுதிச் சொல்லே முடிவு செய்கிறது. இந்தியில் வினை இறுதியில் வந்தாலும், மறுப்பைக் காட்டும் 'நஹீம்' என்னும் சொல் பெரும்பாலும் வினைக்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே மறுப்பு தெரிந்துவிடும். தமிழில் 'வரவில்லை', 'பிடிக்காது', 'போகமாட்டேன்' என மறுப்பு வினையின் வாலிலே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே தமிழ்த் தொடரின் கடைசிச் சொல்லுக்கு முன் குறுக்கிடுபவர், சில வேளைகளில் சொல்லப்பட்டதற்கு நேர் எதிரானதைக் கேட்டதாக எண்ணிக்கொண்டு பேசுகிறார். கயல் செய்தது அதைத்தான். அவள் நிலாவை அவமதிக்க எண்ணவில்லை; மகிழ்ச்சியாகவே பேசினாள்.

நல்ல மனம் உள்ளவர்களும் ஏன் இவ்வாறு குறுக்கிடுகிறார்கள்? உரையாடலின் வேகமே ஒரு காரணம். பேசும் முறை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு கைமாறுகிறது என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1974-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகிறார். இருவர் குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் அது மிகக் குறுகிய நேரமே நீடிக்கிறது என்று அவர்கள் கண்டனர். பின்னர் 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. 'ஆம்', 'இல்லை' என்று விடை கூறத்தக்க வினாவுக்கும் அதன் விடைக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்று அவ்வாய்வு காட்டியது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே நம் மூளைக்கு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வினாடி தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: மற்றவர் பேசி முடிப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் நம் விடையை உருவாக்கத் தொடங்கிவிடுகிறோம். இது குற்றமன்று; மனித இயல்பு. விடை உருவான பிறகும் மற்றவரின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பவர் ஒரு வகை. உருவானவுடனே வாயைத் திறந்துவிடுபவர் மற்றொரு வகை. வேறுபாடு ஒரு நொடிக்கும் குறைவுதான்.

எனவே 'பொறுமையாகக் கேள்' என்னும் பொதுவான அறிவுரையைவிட, 'வினைமுற்று வரும்வரை காத்திரு. அதன்பின் ஒரு மூச்சு விடு' என்னும் விதி பயன்தரும். வினைமுற்று காதில் விழுந்ததா என்று கவனிக்கத் தமிழ் அறிந்த எவராலும் முடியும். அந்த ஒரு மூச்சும் வீணன்று. பலர் முக்கியமான செய்தியை முதல் தொடரில் சொல்வதில்லை; இரண்டாம் தொடரில்தான் சொல்கிறார்கள். "ஆட முடியாது" என்பதோடு கயல் "ஏன் முடியாது? கண்டிப்பாக ஆடலாம்!" என்று பாய்ந்திருந்தால், மாற்றல் செய்தி அப்போதும் வெளிவந்திராது.

'சொல்ல வந்தது மறந்துவிடுமே' என்னும் அச்சம் இங்கே எழும். அதிகம் பேசுபவர்களிடம் இவ்வச்சம் மிகுதி. குழுக் கலந்துரையாடலில் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்தால் போதும். முழுத் தொடரை எழுதத் தொடங்கினால் கேட்பது நின்றுவிடும். குறிப்பேடு இல்லாத இடத்தில், மறந்தால் மறக்கட்டும் என்று விட்டுவிடுவதே என் கருத்து. உண்மையிலேயே தேவையான செய்தி மீண்டும் நினைவுக்கு வரும்.

காத்திருந்து பேசினாலும் உரையாடலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். சார்லஸ் டெர்பர் என்னும் சமூகவியலாளர் 1979-இல் வெளியிட்ட நூலில் மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தார். பேச்சைத் தன்னிடம் திருப்பும் மறுமொழி ஒன்று. பேசுபவரிடமே நிலைநிறுத்தும் மறுமொழி மற்றொன்று. நிலா முழுவதையும் சொல்லி முடித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். "எங்களுக்கும் மூன்று முறை மாற்றல் வந்தது. முதல் முறை நான் எப்படி அழுதேன் தெரியுமா?" என்று கயல் சொன்னால், அதில் பரிவு உண்டு, குறுக்கீடு இல்லை. ஆயினும் அடுத்து நிலா கேட்க வேண்டியது கயலின் கதையை. மாறாக, "எப்போது தெரிந்தது?" என்று கேட்டால் பேச்சு நிலாவிடமே இருக்கும். தன் அனுபவத்தைக் கூறவே கூடாது என்பதில்லை. முதல் மறுமொழி வினாவாக இருந்தால், தன் கதை அதன்பின் இடம் பெறலாம். 'ம்', 'அப்புறம்?' என்று நம் வீடுகளில் கதை கேட்பவர்கள் உம் கொட்டுவதும் பேச்சை நிலைநிறுத்தும் வகையைச் சேர்ந்ததே. அது மற்றவர் குரல்மேல் விழுந்தாலும் குறுக்கீடு ஆகாது.

தான் எவ்வளவு பேசுகிறோம் என்பதை நினைவை நம்பி மதிப்பிடுவது அரிது. ஆகையால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து, அனைவரின் இசைவோடு, பத்து நிமிட உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர் அதைக் கேட்டு, ஒவ்வொருவரும் பேசிய நேரத்தைக் கூட்டுங்கள். சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு இரண்டரை நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவரே பேசியிருந்தால் காரணம் தேட வேண்டும். அவர் ஒரு பொருளை விளக்கிக்கொண்டிருந்தார் என்றால் அது இயல்பானதே. நேரத்தைவிட மற்றொரு கணக்கு கூடுதலாக உதவும். பிறருடைய வினைமுற்றுக்கு முன் நீங்கள் தொடங்கிய இடங்களை மட்டும் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு அவ்வொவ்வோர் இடத்திலும், இடைமறிக்கப்பட்டவர் தம் தொடரைப் பின்னர் முடித்தாரா என்று பாருங்கள். முடிக்கப்படாத தொடர்களே உண்மையான இழப்பு.

பதிவு இல்லாத நேரங்களில் எதிரே இருப்பவரின் முகமே பதிவு. வாயைத் திறந்து மூச்சிழுத்து மீண்டும் மூடிக்கொள்வது, கையைச் சற்றே உயர்த்தித் தாழ்த்துவது, விடைகள் 'ம்', 'சரி' என்று சுருங்கிப்போவது ஆகியவை அடையாளங்கள். அவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது 'ஒன்றுமில்லை' என்னும் சொல். "என்ன சொல்ல வந்தாய்?" என்று பொதுவாகக் கேட்டால் அச்சொல்தான் விடையாக வரும். இடைமறித்துவிட்டதை உணர்ந்தவுடன், மன்னிப்புக் கேட்பதோடு நில்லாமல், விட்டுப்போன சொல்லையே எடுத்துக் கொடுக்க வேண்டும்: "ஆண்டு விழாவில் நான் ஆட என்று தொடங்கினாயே, அதை முடி." தன் சொல் மற்றவர் நினைவில் இருந்தது என்று தெரிந்தால் நிலா தொடர்வாள். நீண்ட மன்னிப்புரை இங்கே உதவாது. அதுவும் குறுக்கிட்டவரைப் பற்றிய பேச்சாகவே ஆகிவிடும்.

இவ்விதி எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. டெபோரா டானன் என்னும் மொழியியலாளர் ஆறு பேர் கலந்துகொண்ட ஒரு விருந்தின் உரையாடலை ஆராய்ந்து 1984-இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகப் பேசியதை ஆர்வத்தின் அடையாளமாகவே கருதினர். மற்றவர்களுக்கோ இடைவெளி கிடைக்காமல் போயிற்று. நம் வீடுகளிலும் அத்தைகளும் சித்திகளும் கூடியிருக்கும்போது ஐந்து குரல்கள் ஒன்றாக ஒலிக்கும். எவர் மனமும் நோவதில்லை. அங்கே ஒருவர் மட்டும் மூச்சு விட்டுக் காத்திருந்தால் இரவு முழுதும் காத்திருக்க வேண்டியதுதான்! பலமொழி பேசும் பிள்ளைகள் கூடும் வகுப்பறையில் நிலை வேறு. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசும் மாணவர் சொல்லைத் தேடித் தயங்குவார்; அத்தயக்கத்தை முடிவென்று எண்ணி மற்றவர் நுழைந்துவிடுவார்.

வேறு சிலர், அதிகம் பேசுகிறோம் என்று தெரிந்தவுடன் முற்றிலும் மௌனமாகிவிடுகிறார்கள். அது கேட்பது ஆகாது. உம் கொட்டாத மௌனம் பேசுபவரைத் தடுமாற வைக்கும். 'என்மேல் கோபமோ' என்று எண்ண வைக்கும். அதிகம் பேசும் பழக்கம் உள்ளவருக்கு உரையாடலைத் தொடங்கும் துணிவு உண்டு. அத்துணிவை வினாவாக மாற்றி, இதுவரை பேசாதவரிடம் கொடுக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினா எழுப்பிய பின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று வினாடிக்கும் மேலாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன; வழக்கமாக வாய் திறவாதவர்களும் பேசினர். அடுத்த குழுக் கலந்துரையாடலில் ஓரத்தில் அமர்ந்திருப்பவரிடம் "உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டு, மனத்திற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிலேயே அவருக்காக நீங்களே விடை சொல்லத் தோன்றும். மூன்றையும் எண்ணி முடியுங்கள்.