நகராத மையத்தில்தான் இழுப்பு அதிகம்

கெட்டியான ஓர் எஃகுத் தட்டு அதிவேகமாகச் சுழல்கிறது. அது எந்த இடத்தில் முதலில் தாளாமல் போகும்? விளிம்புதான் பறக்கிறது, மையம் நகரவே இல்லை. அதனால் பலரும் விளிம்பைத்தான் காட்டுவார்கள். கணக்கு காட்டுவதோ மையத்தை.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நடுவில் துளையில்லாத, ஒரே தடிமனான மெல்லிய எஃகுத் தட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10,000 சுற்று. விளிம்பின் வேகம் நொடிக்கு 157 மீட்டர். இந்த வேகத்தின் வர்க்கத்தை எஃகின் அடர்த்தியால் பெருக்கினால் ஏறத்தாழ 194 மெகாபாஸ்கல் வருகிறது. மற்ற எண்கள் எல்லாம் இதன் பங்குகள்தான்.

தட்டுக்குள் இரண்டு இழுப்புகள் உண்டு. மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுப்பது ஆரத் தகைவு. வட்டத்தின் போக்கிலேயே, பீப்பாய்க்குப் பூட்டிய இரும்பு வளையத்தில் இருப்பதுபோல இழுத்து நிற்பது வளையத் தகைவு.

விளிம்பில் ஆரத் தகைவு சுழியம். அதற்கு வெளியே இழுப்பதற்கு எதுவும் இல்லையே! உள்ளே போகப் போக, வெளியே இருக்கும் உலோகம் முழுவதையும் பிடித்து நிறுத்தும் வேலை கூடிக்கொண்டே வருகிறது. மையத்தில் அது உச்சம், சுமார் 80 மெகாபாஸ்கல். அங்கே வளையத் தகைவும் அதே 80தான். மையப் புள்ளியில் நின்று பார்த்தால் எந்தத் திசையும் ஆரத்தின் திசைதான். ஒன்றுக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. அதனால் தட்டின் தளத்தில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுப்பு.

விளிம்பில் வளையத் தகைவு மட்டும் மிஞ்சுகிறது. அது சுமார் 34 மெகாபாஸ்கல், மையத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. இந்த 34 எனக்குப் பிடித்த எண். அந்த விளிம்பை மட்டும் மெல்லிய வளையமாக வெட்டியெடுத்து, அதே வேகத்தில் தனியாகச் சுழற்றினால் அது 194 மெகாபாஸ்கலையும் தானே தாங்க வேண்டும். தட்டோடு சேர்ந்திருக்கும்போது உள்ளிருக்கும் உலோகம் அதை உட்பக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. விளிம்பு ஆரத்தில் சுமார் 0.025 மில்லிமீட்டர்தான் விரிகிறது. விளிம்பின் பாரத்தில் பெரும்பகுதியை நடுப்பகுதி வாங்கிக்கொள்கிறது என்பதுதான் மையத்தின் 80க்குக் காரணம்.

சுற்று இரட்டிப்பானால் தகைவு நான்கு மடங்கு. 20,000 சுற்றில் மையத்தில் 320 மெகாபாஸ்கல்; 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் சாதாரண எஃகு அதற்கு முன்பே, 17,700 சுற்றுவாக்கில் மையத்தில் கைவிட்டுவிடும். அப்போதும் விளிம்பு சௌகரியமாகவே இருக்கும்.

இனி, தண்டு நுழைவதற்காக நடுவில் ஒரு சின்னத் துளை போடுவோம். எடை குறைந்தது, எனவே பாரமும் குறைந்திருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. துளையின் ஓரத்தில் ஆரத் தகைவு சுழியமாகிவிடுகிறது. துளையைத் தாண்டி இழுக்க வழியில்லாத அந்த இழுப்பு சுற்றிக்கொண்டு போகிறது. ஓரத்தின் வளையத் தகைவு 80லிருந்து 160க்கு எகிறுகிறது. ஊசி முனையளவு துளையானாலும் இதே இரட்டிப்புதான். துளை பெரிதானால் இன்னும் கொஞ்சம் ஏறும். தாங்கும் வேகமும் 12,500 சுற்றுக்கு இறங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிவேக நீராவிச் சுழலிகளைச் செய்த ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல், தன் பெரிய சக்கரங்களில் நடுத்துளையே போடவில்லை. தண்டை இரண்டு துண்டாக்கி, சக்கரத்தின் இரு பக்கமும் பிளாஞ்சு வைத்துப் பூட்டினார். நடுவில் தடித்து விளிம்பை நோக்கி மெலியும் வடிவத்தையும் கொடுத்தார். அப்படிச் செய்தால் மேற்சொன்ன எண்கள் பொருந்தா. அவை ஒரே தடிமனான, வெளிவிளிம்பில் இறக்கைகள் எதுவும் இல்லாத தட்டுக்கு மட்டுமே. இறக்கைகள் இருந்தால் விளிம்பில் ஆரத் தகைவு சுழியமாக இருக்காது.

துளை போட்டே தீரவேண்டிய இடங்களில் கண் வைக்க வேண்டியது துளையின் ஓரத்தில்தான். 1969இல் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் ‘ஏ’ மின்நிலையத்தில், வழக்கமான 3,000 சுற்றைச் சற்றே தாண்டி ஓட்டிய சோதனையில் ஒரு சுழலித் தட்டு வெடித்துச் சிதறியது. தண்டோடு பூட்டுவதற்காகத் துளையில் வெட்டிய கீவே காடியில், அரிப்பும் இழுப்பும் சேர்ந்து உண்டாக்கிய சிறிய விரிசல்தான் அதற்கு வித்து. வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. அதனால் இத்தகைய தட்டுகளைத் துளையின் பக்கம் மீயொலி செலுத்திப் பரிசோதிக்கிறார்கள். அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடிய தட்டென்றால் துளையின் விட்டத்தையும் அளந்து பார்ப்பார்கள்: பழைய அளவைவிடக் கூடியிருந்தால், அங்குள்ள உலோகம் ஏற்கெனவே நிரந்தரமாக நீண்டுவிட்டது என்று பொருள்.