பத்து லட்சம் கட்டி பத்தொன்பது லட்சம் வாங்கினால் வட்டி எவ்வளவு?

முப்பது வயதில் வேலையில் நிலைத்த ஒருவரிடம் எண்டோமென்ட் பாலிசி விற்க வருகிற முகவர் பெரும்பாலும் இரண்டே எண்களைச் சொல்வார். வருடம் 50,000 ரூபாய் வீதம் 20 வருடம், மொத்தம் 10 லட்சம் கட்ட வேண்டும். முடிவில் கையில் வருவது 19 லட்சம். நடுவில் உயிருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை 10 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும் கிடைக்கும். இந்தக் கணக்கில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் இது எத்தனை சதவீத வட்டி என்ற கேள்விக்கு அதில் பதிலும் கிடையாது. பாலிசிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலும் அந்த எண் அச்சாகியிருக்காது.

19 லட்சம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். காப்பீட்டுத் தொகை 10 லட்சம். அதன் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வருடம் 45 ரூபாய் போனஸ் அறிவிக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு 45,000, இருபது வருடத்துக்கு 9 லட்சம். முதல் வருடம் 50,000 கட்டியவர் கணக்கில் அதே வருடம் 45,000 போனஸ் ஏறியதைப் பார்த்தால் மலைத்துத்தான் போவார். ஆனால் அந்த 45,000 அன்று கைக்கு வராது. பத்தொன்பது வருடம் கழித்தே வரும், அப்போதும் அதே 45,000-ஆகவே வரும். இவ்வகைப் பாலிசிகளில் ஏறிய போனஸ் வட்டி ஈட்டுவதில்லை. வருடம் 5.8 சதவீதம் என்று கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 15,400 ரூபாய்தான்.

வட்டியைக் கண்டுபிடிக்கப் பலர் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. 10 லட்சத்துக்கு 9 லட்சம் லாபம், அதாவது 90 சதவீதம். இருபதால் வகுத்தால் வருடம் 4.5 சதவீதம். இது பாலிசிக்கு அநியாயம் செய்கிற கணக்கு. 10 லட்சமும் இருபது வருடம் உள்ளே இருக்கவில்லை. முதல் தவணை இருபது வருடம் இருந்தது, கடைசித் தவணை ஒரே ஒரு வருடம்தான் இருந்தது. ‘பணம் ஏறத்தாழ இரட்டிப்பு’ என்ற பேச்சு மறுபக்கம் தவறுகிறது. இரண்டிலும் எந்தப் பணம் எந்தத் தேதியில் போனது என்பது விடுபட்டுப்போகிறது.

சரியான வழி, பாலிசியை வங்கி பாஸ்புக் மாதிரி பார்ப்பது. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 50,000 போகிறது, இப்படி இருபது முறை. இருபதாவது வருட முடிவில் 19 லட்சம் வருகிறது. இதே தேதிகளில் இதே தொகையை ஒரு வங்கிக் கணக்கில் போட்டிருந்தால், அந்த வங்கி எத்தனை சதவீதக் கூட்டு வட்டி கொடுத்தால் மிகச் சரியாக 19 லட்சம் நிற்கும்? அந்தச் சதவீதம்தான் பாலிசியின் உண்மையான வருமானம். 7 சதவீதம் என்று போட்டால் 21.93 லட்சம் வருகிறது, அது அதிகம். 5 என்றால் 17.36 லட்சம், குறைவு. 6 என்றால் 19.50 லட்சம். ஆக விடை ஆறுக்குக் கொஞ்சம் கீழே, சுமார் 5.8 சதவீதம். எக்செல் தெரிந்தவர்கள் ஒரே வரியில் எடுத்துவிடலாம்:

```
=RATE(20,-50000,0,1900000,1)
```

கட்டுகிற பணத்துக்குக் கழித்தல் குறி போடாவிட்டால் பிழைச் செய்திதான் வரும். கடைசியில் இருக்கும் 1-ஐயும் விட்டுவிடக் கூடாது. பிரீமியம் வருடத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்று சொல்வது அதுதான். அதை விட்டால் விடை 6.3 என்று வந்து, பாலிசி இருப்பதைவிட நன்றாகத் தெரியும். மனிபேக் பாலிசியில் நடுநடுவே பணம் வருவதால் இந்த வாய்பாடு போதாது. வருடத்துக்கு ஒரு வரியாக எழுதி `IRR` போட வேண்டும்.

விற்கும்போது தரப்படும் பலன் விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். 8 சதவீதப் பத்தியைக் காட்டி ‘எட்டு சதவீதம் வரும்’ என்று சொன்னால் நம்பக் கூடாது. நிறுவனம் தன் முதலீட்டில் ஈட்டுவதாக வைத்துக்கொண்ட சதவீதம் அது. கமிஷன், நிர்வாகச் செலவு, உயிர்க் காப்பீட்டுச் செலவு எல்லாம் போக மிச்சம்தான் பாலிசிதாரருக்கு. போனஸும் உத்தரவாதம் அல்ல. ஆயிரத்துக்கு 45 என்பது 38-ஆக இறங்கினால் முதிர்வுத் தொகை 17.6 லட்சம், வட்டி சுமார் 5.1.

அப்படியானால் 5.8 மோசமா? நியாயமாக ஒப்பிட வேண்டும். 50,000-இல் ஒரு பங்கு உயிர்க் காப்பீட்டின் விலை. முப்பது வயதுக்காரருக்கு 10 லட்சம் டேர்ம் பாலிசிக்கு வருடம் 5,000 என்று தாராளமாகவே வைத்துக் கழித்தால், சேமிப்பாகப் போவது 45,000. அதன் வருமானம் சுமார் 6.7 சதவீதம். 2020 ஏப்ரலில் இருந்து பி.பி.எஃப். வட்டி 7.1. அதே 45,000-ஐ இருபது வருடம் அதில் போட்டால், வட்டி மாறாதிருக்கும் பட்சத்தில், சுமார் 19.97 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குப் பக்கம். வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம் அல்ல. முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை என்பதும் இரண்டுக்கும் பொது. பாலிசியில் அதற்கு, பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதத்தைத் தாண்டாதது போன்ற நிபந்தனைகள் உண்டு.

பெரிய அடி விழுவது பாதியில் விடுகிறவர்களுக்குத்தான். மூன்று வருடம் கட்டி ஒன்றரை லட்சம் போட்டவருக்கு, கட்டியதில் 35 சதவீதம்தான் திரும்பி வருகிறது என்றால், கையில் 52,500. பணப்போக்காக எழுதினால் இது வருடத்துக்கு 44 சதவீத நஷ்டம். ஆரம்ப வருடப் பிரீமியத்தில் கணிசமான பங்கு கமிஷனுக்கும் செலவுக்கும் போய்விடுவதே காரணம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளால் சீக்கிரம் விலகுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது, நஷ்டம் மறைந்துவிடவில்லை.

இதனாலேயே ‘5.8 சதவீதம்தானா?’ என்று அதிர்ந்து, பத்து வருடம் ஓடிய பாலிசியை உடனே சரண்டர் செய்வது பெரும்பாலும் தப்பான முடிவாகிவிடுகிறது. அந்த இடத்தில் கணக்கை முதலிலிருந்து போடக் கூடாது. இன்றிலிருந்து போட வேண்டும். கட்டிய 5 லட்சம் போய்விட்ட பணம். இன்று சரண்டர் செய்தால் 4.6 லட்சம் தருவதாகக் கிளையில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடர்வது என்றால் அந்த 4.6 லட்சத்தை இன்று பாலிசியில் போடுவதற்குச் சமம். மேலும் பத்துத் தவணை கட்ட வேண்டும். பத்தாவது வருட முடிவில் 19 லட்சம் வரும்.

```
=RATE(10,-50000,-460000,1900000,1)
```

விடை சுமார் 8.9 சதவீதம். பாலிசி அதேதான், போனஸும் அதேதான். முன்வருடச் செலவுகள் பின்னால் போய்விட்டதால் மிச்சமுள்ள பாதி இவ்வளவு தருகிறது. சரண்டர் தொகை 7 லட்சம் என்று சொல்லியிருந்தால் இதே கணக்கு சுமார் 5.7 என்று இறங்கியிருக்கும், முடிவும் மாறியிருக்கும். எனவே கிளைக்குப் போகிறவர் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: இன்றைய சரண்டர் தொகை, இதுவரை ஏறிய போனஸ், கடைசியாக அறிவிக்கப்பட்ட போனஸ் விகிதம். மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.