மணிக்கொரு முறை போன் செய்யும் மேலாளர்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகங்களில் மெர்ச்சண்டைசர் என்றொரு வேலை உண்டு. நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஓர் ஆர்டர் கப்பலேறும் வரை அதன் கூடவே ஓட வேண்டியவர் அவர். இவருக்கு வாய்த்த மேலாளர் மணிக்கொரு முறை போன் செய்து, ‘துணி வந்துடுச்சா?’ என்று கேட்பவராக இருந்தால் வேலை இரட்டிப்பாகும். மேலாளர் சாயப்பட்டறைக்கு நேரடியாகவும் பேசிவிடுவார். ஒரே துணிக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல, பட்டறைக்காரர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. கப்பலுக்குச் சரக்கு தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். தாமதம் நம் பக்கம் என்றால் அந்தச் செலவு பெரும்பாலும் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். ஓர் ஆர்டரின் லாபமே அதில் போய்விடலாம். முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாதபோது அவர் கை போனுக்குப் போகிறது.

ஆகவே, தெரிய வேண்டியது என்ன என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேலாளர் ஒரு வாரம் கேட்கும் கேள்விகளை அப்படியே குறித்துவைத்தால், திரும்பத் திரும்ப வருபவை நாலைந்துதான் இருக்கும். அவற்றுக்கான பதிலை, அவர் கேட்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் தொடக்கம். நேரம் மாறக் கூடாது. நல்ல செய்தி மட்டும் போகும் அறிக்கையை யாரும் நீண்ட நாள் நம்ப மாட்டார்கள். சிக்கல் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

12,000 டி-ஷர்ட், மூன்று நிறம் என்று ஓர் ஆர்டரை வைத்துக்கொள்வோம். பச்சைத் துணி மங்கலாக வந்துவிட்டது. ‘சாயத்தில் பிரச்சினை’ என்று மட்டும் எழுதினால் அடுத்த நிமிடம் போன் வரும். இப்படி எழுதிப் பார்க்கலாம்: “சார், பச்சை ஷேடு மங்கலா இருக்குங்க. திருப்பிச் சாயம் போடச் சொல்லிட்டேன், ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள வெள்ளையைக் கட்டிங் போட்டுட்டா கப்பல் தேதிக்குப் பாதிப்பில்லீங்க. போட்டுடலாமான்னு நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சொல்லுங்க.” என்ன நடந்தது, என்ன செய்தாயிற்று, மேலாளர் எதை எப்போதுக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில் வந்துவிடுகிறது.

அறிக்கை மட்டும் போதாது. எதுவரை தானே முடிவெடுக்கலாம் என்ற எல்லையை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். வில்லியம் ஆன்கனும் டொனால்ட் வாஸும் 1974-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரையொன்று இதை ஐந்து படிகளாகப் பிரித்தது. சொல்லும்வரை காத்திருப்பது அடிமட்டம். என்ன செய்யட்டும் என்று கேட்பது அடுத்தது. பிறகு, யோசனை சொல்லி அனுமதி பெற்றுச் செய்வது. செய்துவிட்டு உடனே தெரிவிப்பது. கடைசியில், தானே செய்துவிட்டு வழக்கமான அறிக்கையில் சொல்வது. எல்லா வேலையையும் ஒரே படியில் வைக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பயன்.

துணி எடை 180 ஜிஎஸ்எம் என்று ஆர்டரில் இருந்து, பையர் 5 சதவீத ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தால், 171 முதல் 189 வரை மெர்ச்சண்டைசரே ஓகே சொல்லலாம். அதைத் தாண்டினால் கேட்டே ஆக வேண்டும். நூல், லேபிள் போன்ற சில்லறைச் செலவுக்கு ஒரு தொகை வரம்பு. விலையும் கப்பல் தேதியும் மேலாளர் கையைவிட்டு நகரவே கூடாது. பேசி முடித்ததை அன்றைக்கே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது. “எல்லாத்தையும் என்கிட்ட விட்டுடுங்க சார்” என்று கேட்டால் கிடைக்காது. “இந்த ஆர்டருக்கு மட்டும், லேபிள் விஷயத்தை மட்டும் பார்த்துக்கிறேன்” என்றால் கிடைக்கும். அந்த ஆர்டர் சிக்கலின்றிப் போன பிறகு அடுத்த வேலையை ஒரு படி ஏற்றக் கேட்கலாம்.

அறிக்கை போன பிறகும் அதே கேள்வி வந்தால், அவருக்கு வேண்டியது அதில் இல்லை என்று பொருள். அல்லது அவர் படிப்பவர் அல்ல, கேட்பவர். அப்படிப்பட்டவருக்கு மாலையில் பத்து நிமிடம் நேரில் சொல்வதே பலன் தரும்.

எல்லையைப் பேசிய பிறகும் அவர் பட்டறைக்கு நேரடியாகப் போன் செய்தால், ஒருமுறை தனியாக நினைவூட்டலாம்: “நீங்க சொன்னதை என்கிட்ட சொன்னீங்கன்னா நானே சொல்லிடுறேங்க, ரெண்டு பேச்சு ஆயிடுது.” இது பல இடங்களில் எடுபடும். ஆனால், ஒப்புக்கொண்ட எல்லைக்குள் எடுத்த முடிவுக்கே எல்லார் முன்னாலும் திட்டுபவரிடம் எந்த அறிக்கையும் வேலை செய்யாது. அங்கே தேதி வாரியாகச் சேர்ந்திருக்கும் அந்தச் செய்திகள், முதலாளியிடமோ மனிதவளப் பிரிவிலோ பேசும்போது மெர்ச்சண்டைசர் கையில் இருக்கும் ஆதாரமாகும்.