எந்த நாள் மாத்திரையை மறக்கக் கூடாது?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 மட்டும்தான் கருத்தடை மாத்திரை. மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளும் கருத்தடை மருந்து எதுவும் உடம்புக்குள் போவதில்லை. ஆனாலும் பாதுகாப்பு தொடர்கிறது. எப்படி என்று புரிந்துகொண்டால், எந்த நாள் மாத்திரையை மறப்பது ஆபத்து என்பதும் தானாக விளங்கிவிடும்.

மாத்திரை சினைப்பையில் நேராகப் போய் வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேலை செய்யும் முக்கியமான இடம் தலைக்குள் இருக்கிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு, மேலே உள்ள ஹைப்போதலாமஸ் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் துடிப்பை அனுப்புகிறது. அதைப் பெற்று பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. முதலாவதான எஃப்எஸ்எச், சினைப்பையில் கருமுட்டையைத் தாங்கிய சிறு நீர்ப்பைகளை வளர்க்கிறது. ஸ்கேன் மையங்களில் ஃபாலிக்கிள் என்பார்களே, அதுதான். அவற்றில் ஒன்று மற்றவற்றை முந்தி வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் அளவுக்கு உச்சத்தில் நின்றால், பிட்யூட்டரி இரண்டாவது ஹார்மோனான எல்எச்-ஐ ஒரே வீச்சில் கொட்டுகிறது. எல்எச் ஏறத் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வெளியே வருகிறது.

மாலா-என் மாத்திரை ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடயால், 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் இருக்கின்றன. முதலாவது ஈஸ்ட்ரோஜன் வகை, இரண்டாவது புரோஜெஸ்டின் வகை. ஈஸ்ட்ரோஜன்தான் எல்எச் வீச்சைத் தூண்டுகிறது என்றால், அதையே மாத்திரையில் கொடுக்கலாமா? கொடுக்கலாம். உச்சத்துக்கு ஏறாமல் நாள்தோறும் சிறு அளவில் வரும் ஈஸ்ட்ரோஜன், பிட்யூட்டரியைத் தூண்டாமல் அடக்கவே செய்கிறது. எஃப்எஸ்எச் குறைகிறது, எந்த ஃபாலிக்கிளும் முந்தி வளர்வதில்லை. கூடவே இருக்கும் புரோஜெஸ்டின், ஹைப்போதலாமஸின் துடிப்புகளை மந்தமாக்கி எல்எச் வீச்சைத் தடுக்கிறது. கருப்பை வாயின் சளியையும் கெட்டியாக்கி, விந்தணு நுழைய முடியாமல் செய்கிறது.

இந்த அடக்கம் நிலைக்க ஏழு நாள் தொடர்ந்து மாத்திரை வேண்டும். விட்டாலோ, பிட்யூட்டரி சில நாளிலேயே விழித்துக்கொள்ளும். இரும்புச்சத்து வாரத்தில் நடப்பது அதுதான். எஃப்எஸ்எச் ஏறுகிறது, ஃபாலிக்கிள்கள் மெல்ல வளர்கின்றன. ஏழாம் நாள் முடிவில் சிலருக்கு 10 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். எட்டாம் நாள் புது அட்டை தொடங்கும்போது அந்த வளர்ச்சி அப்படியே நிற்கிறது. அந்த வாரத்தில் வரும் ரத்தப்போக்கும் ஹார்மோன் நின்றதால் வருவதே. முட்டை வெளியான மாதத்தின் மாதவிலக்கு அல்ல.

இப்போது ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பழைய அட்டை முடிந்தது. திங்கள் புது அட்டை தொடங்க வேண்டும், கைவசம் இல்லை. வியாழக்கிழமைதான் கிடைத்தது. அவர் தவறவிட்டது மூன்று மாத்திரைதான். ஆனால் ஹார்மோன் இல்லாத நாள்கள் பத்தாகிவிட்டன. வேகமாக வளர்கிற ஃபாலிக்கிள் நாளுக்கு இரண்டு மில்லிமீட்டர் வீதம் பெருத்து 16 மில்லிமீட்டரை எட்டியிருக்கலாம். 18, 20 ஆனால் வெடிக்கும் பருவம். வியாழனன்று மாத்திரையைத் தொடங்கினாலும் அதை நிறுத்த முடியும் என்ற உறுதி இல்லை. எல்லாருக்கும் இப்படி ஆகாது. யாருக்கு ஆகும் என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது.

அவர் அன்றே மாத்திரையைத் தொடங்கி, அடுத்த ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், அதற்கு முந்தைய சில நாளில் உறவு நடந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அவசரக் கருத்தடை பற்றிக் கேட்க வேண்டும். அட்டையின் நடுவில் ஒரே ஒரு மாத்திரையை மறந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. பிட்யூட்டரி ஆழ்ந்து அடங்கியிருக்கும் நேரம் அது. நினைவு வந்ததும் போட்டுக்கொண்டால் போதும். மூன்றாம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால், இரும்புச்சத்து மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு, மீதமுள்ள ஹார்மோன் மாத்திரை முடிந்த மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும். இடைவெளி நீளாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம்.

ஒரு நாளும் மறக்காதவருக்கும் ஒரு வகையில் தவறலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த ஹார்மோன்களை வேகமாகச் சிதைத்துவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவையும் அப்படியே. மாத்திரை வயிற்றுக்குள் போகிறது; பிட்யூட்டரியை அடக்கும் அளவு ரத்தத்தில் தங்குவதில்லை. இந்த மருந்துகளை எழுதும் மருத்துவரிடம் கருத்தடை மாத்திரை போடுவதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து எடுக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பின் நான்கு வாரம் வரையிலும், வேறு கருத்தடை முறை தேவை.