இடையில் வரும் பூஜ்யம்

ஆங்கில எழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுப்போம். ஏ என்றால் 1, பி என்றால் 2, இப்படியே போய் இசட் 26. இந்த முறையில் ஒரு செய்தியை எண்களாக மாற்றி, நடுவில் இடைவெளி விடாமல் எழுதினால் படிப்பவருக்குத் தலைவலிதான். 12 என்று வந்தால் அது ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளா, எல் என்ற ஒரே எழுத்தா? இரண்டும் சரி. ஓர் இலக்கத்தொடரை மொத்தம் எத்தனை விதமாகப் படிக்கலாம் என்று எண்ணச் சொல்வது, நிரல் எழுதுவோருக்கான வேலை நேர்காணல்களில் பழகிப்போன கேள்வி.

எல்லா விதங்களையும் எழுதிப் பார்த்து எண்ணுவது நடக்காத காரியம். முப்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால், அதைப் படிக்கும் விதங்கள் மட்டும் 13,46,269. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் கடைசி எழுத்தைக் கவனித்தால் போதும். அது ஒற்றை இலக்கமாக இருக்கலாம். அல்லது இரண்டு இலக்கங்கள் சேர்ந்ததாக இருக்கலாம். முதல் வகையில், ஓர் இலக்கம் முன்பு வரை கிடைத்த எண்ணிக்கை அப்படியே வரும். இரண்டாம் வகையில், இரண்டு இலக்கம் முன்பு வரை கிடைத்த எண்ணிக்கை வரும். இரண்டையும் கூட்டினால் விடை.

ஒன்றுகள் மட்டுமே உள்ள தொடரில் இது 1, 2, 3, 5, 8 என்று வளரும். ஃபிபொனாச்சி எண்கள் என்று உலகம் அழைக்கும் வரிசை இது. ஒரு மாத்திரை, இரு மாத்திரை அசைகளை அடுக்கி எத்தனை சந்தங்கள் அமைக்கலாம் என்று எண்ணிய ஹேமச்சந்திரர், ஃபிபொனாச்சியின் 1202ஆம் ஆண்டு நூலுக்கு முன்பே இதே கூட்டலைச் சொல்லியிருக்கிறார்.

பூஜ்யம் நுழைந்ததும் இந்த வளர்ச்சி தடைபடுகிறது. பூஜ்யத்துக்கென்று எழுத்து கிடையாது, எனவே அது தனியாக நிற்காது. 06 என்று எந்த எழுத்துக்கும் எண் இல்லை, எனவே அது ஒரு ஜோடியைத் தொடங்கவும் முடியாது. தனக்கு இடப்பக்கம் 1 அல்லது 2 இருந்தால், அதோடு சேர்ந்து 10 ஆகவோ 20 ஆகவோ நிற்கலாம். அவ்வளவுதான்.

2120112 என்ற தொடரைப் போட்டுப் பார்ப்போம். முதல் 2 வரை ஒரே விதம். 21 வரை இரண்டு. 212 வரை மூன்று. இப்போது பூஜ்யம் வருகிறது. அது தனியாக நிற்க வழியில்லாததால், மூன்று என்ற எண்ணிக்கை பயன்படாது. 20 என்ற ஜோடி செல்லும் என்பதால், அதற்கு முன்பிருந்த 21 வரையிலான இரண்டு விதங்கள் மட்டும் தப்புகின்றன. எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைகிறது. அடுத்த 1 தனியாகத்தான் நிற்க வேண்டும், 01 செல்லாது, ஆக இரண்டே. அதற்கடுத்த 1 வரும்போது 2, 2 கூடி நான்கு. கடைசி 2 வரும்போது 4, 2 கூடி ஆறு. விடை ஆறு.

இதையே வேறு வழியில் சரிபார்க்கலாம். நடுவிலுள்ள 20 பிரிக்க முடியாத ஒரே எழுத்து. அதன் இடப்பக்கம் மிஞ்சும் 21-ஐ இரண்டு விதமாகவும், வலப்பக்கம் மிஞ்சும் 112-ஐ மூன்று விதமாகவும் படிக்கலாம். இரண்டையும் பெருக்கினால் ஆறு. அதாவது பூஜ்யம் தொடரை இரண்டாக வெட்டிவிடுகிறது. ஒரு பக்கத்தில் நடப்பது மறுபக்கத்தைத் தொடாது.

இடப்பக்கத் துணை கிடைக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. 3012-இல் 30 என்று எழுத்து இல்லை. பூஜ்யம் வந்த இடத்தில் எண்ணிக்கையும் பூஜ்யமாகிறது. பிறகு எத்தனை இலக்கங்கள் வந்தாலும் அது எழாது. 100-க்கும் இதே கதிதான்: முதல் பூஜ்யத்துக்கு 1 துணையாகிவிட்டது, இரண்டாவது அநாதை.

நிரல்களில் தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. ஜோடியை எண்ணாக மாற்றி, 26-க்கு மேல் போகிறதா என்று மட்டும் பார்த்தால், 06 என்பது வெறும் 6 ஆகி உள்ளே வந்துவிடும். 106-ஐ 10, 6 என்று ஒரே விதமாகத்தான் படிக்கலாம். அந்த நிரல் இரண்டு என்று சொல்லும். ஜோடி 10-க்குக் குறையக் கூடாது என்ற கீழ்வரம்பையும் சேர்த்தால் பிழை போய்விடும்.

இத்தனை கெடுபிடியும் பூஜ்யத்தின் குணமல்ல, நாம் போட்ட அட்டவணையின் விளைவு. ஏ-வுக்கு 01, பி-க்கு 02 என்று எல்லா எழுத்துக்கும் இரண்டு இலக்கம் கொடுத்திருந்தால், 06 செல்லுபடியாகும். ஒவ்வொரு செய்தியையும் ஒரே விதமாகத்தான் படிக்க முடியும், எண்ணுவதற்கு எதுவுமே மிஞ்சாது.